வெறும் பெட்டிகளில் ஒட்டிய முகவரிகள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை அட்டைப்பெட்டிகள். மூன்று இரும்பு ரேக்குகளில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் முகவரிச் சீட்டு நேராக, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. வாசலுக்கு அருகில் இருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். கனமே இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

சீட்டில் ஈரோட்டு முகவரி ஒன்று இருந்தது. பொருள்: ஏலக்காய், எட்டு மில்லிமீட்டர், இருநூற்றைம்பது கிராம். சீட்டை அச்சிட்ட தேதிக்கும் அன்றைக்கும் நடுவே பதின்மூன்று நாள். தீபாவளி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இடுக்கி மலைமேல் சக்குபள்ளத்தில் என் தங்கையும் அவள் கணவரும் ஐந்து வருடங்களாக இணையத்தில் கடை நடத்துகிறார்கள். ஏலக்காய், மிளகு, கிராம்பு, தேயிலை. வீட்டின் முன்பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஒரு அறைதான் கடை. வாங்க வேண்டியதை மாப்பிள்ளை வாங்குவார். ஆர்டரைப் பார்ப்பது, பொதி கட்டுவது, தொலைபேசியில் பேசுவது எல்லாம் தங்கை. உதவிக்கு எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். தினமும் மதியம் மூன்று மணிக்கு கூரியர் வண்டி வரும்.

முந்தின நாள் இரவு தங்கை போன் செய்து, "அண்ணே, கஸ்டமருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பணும். அவரு ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. எனக்கு அது சரியாப் படல. நீ வந்து பாத்துக் குடு" என்றாள். நான் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் செய்தி ஆசிரியர் மேசையில் வேலை செய்தவன். பத்திரிகை தவறு செய்தால் மறுநாள் மூன்றாம் பக்கத்தில் வரும் திருத்தக் குறிப்பை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. கம்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கம்பம்மெட்டு வழியாக ஏறி வந்தேன்.

"இத்தனையும் வெறும் பெட்டியா?"

"நூத்தி எம்பத்தாறு" என்றாள் தங்கை. அவள் கண்கள் வீங்கியிருந்தன. காதிலிருந்து போனை எடுத்துக் கீழே வைத்த மறுநிமிடம் அது மறுபடி அதிர்ந்தது.

லயத்து அம்மாள் மூலையில் உட்கார்ந்து மிளகுப் பாக்கெட்டுகளுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தார். "பத்து நாளா இப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. நான்கூட கேட்டேன், சரக்கு வராட்டி காத்தக் கட்டி அனுப்பவான்னு. அதுக்கு மொதலாளி என்ன மொறச்சாவ."

வெறும் பெட்டியில் ஏன் முகவரி ஒட்டினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்த மலையில் கரண்ட் எப்படி வரும், எப்படிப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் கரண்டும் நெட்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தங்கை தொடக்கத்திலேயே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். காலையில் கரண்ட் இருக்கும்போதே, அதுவரை வந்த ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் முகவரிச் சீட்டை அச்சிட்டு, பெட்டியை மடித்து ஒட்டி வைத்துவிடுவாள். பிறகு பொருளைப் போட்டு மூடினால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் கடையின் மென்பொருளுக்குக் கரண்ட் போவது தெரியாது. சீட்டு அச்சானதும் அந்த ஆர்டர் 'அனுப்பப்பட்டது' என்று மாறிவிடும். அந்த நிமிடமே வாடிக்கையாளருக்கு 'உங்கள் பொருள் அனுப்பப்பட்டது' என்று செய்தி தானாகப் போய்விடும். ஐந்து வருடமும் அது உண்மையாக இருந்தது, அல்லது ஆறேழு மணி நேரத்தில் உண்மையாகிவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த முறை பெட்டிக்குள் போட ஏலக்காய் வரவில்லை. "ஸ்டோர்ல இருக்கு, காஞ்சுட்டிருக்கு, நாளைக்கு வந்துரும்" என்று கணவர் தினமும் சொன்னார். ஏலக்காய் காய வைக்கும் விறகடுப்புக் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். தங்கை அதை நம்பி, கேட்டவர்களிடமெல்லாம் "வழியில இருக்கு, நாளைக்கு வந்துரும்" என்று சொன்னாள். நூற்றெண்பத்தாறு பேரிடம் இருந்தது 'அனுப்பப்பட்டது' என்ற செய்தி. அவர்களில் பாதிப் பேருக்கு மேல், அதை உறுதி செய்த என் தங்கையின் குரலும் போய்ச் சேர்ந்திருந்தது.

அதிர்ந்த போனைப் பார்த்து அவள், "இவங்கதான்" என்றாள். "வடகரப்பதி. நீயே கேளு." ஸ்பீக்கரை அழுத்தினாள்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டியது வடகரப்பதி. அந்தப் பெண்மணி அங்கே வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறவர். ஐந்து வருடமாக ஏலக்காய் வாங்குவது இவர்களிடம்தான். அவர் சொல்லி அந்தப் பக்கத்தில் வாங்கத் தொடங்கியவர்கள் மட்டும் நாற்பது குடும்பத்துக்குக் குறையாது என்று தங்கை சொன்னாள். அவர் கையைவிட்டுப் போனால் அந்த நாற்பதும் போகும். அதன் பிறகு கடையைத் திறந்து வைத்து ஆவதில்லை. தங்கைக்கு அதுதான் பயம்.

"ஏனுங்க, இன்னிக்காவது உண்மையச் சொல்றீங்களா?" குரல் உயரவில்லை. மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அதனால் கேட்கவே கூசியது. "கூரியர் கம்பெனி வெப்சைட்டுல போயிப் பாத்தனுங்க. விவரம் மட்டும் வந்துருக்குது, பார்சல் இன்னும் கைக்கு வரலைன்னு போட்டிருக்குதுங்க. பதிமூணு நாளா அதே தானுங்க இருக்குது. நீங்க அனுப்பியாச்சுன்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்கீங்க. ரெண்டுல எதுங்க பொய்?"

"அக்கா, மழைங்கக்கா இங்க..." என்று தொடங்கினாள் தங்கை.

"மழை எங்கூட்டுப் பக்கமும் பேஞ்சுதுங்க. நான் அறுவத்தஞ்சு ஊட்டுக்குப் பலகாரம் குடுக்கோணும்னு ஒத்துக்கிட்டவ. மழைன்னு சொல்லிக் குடுக்காம இருந்தனா? கடசியில டவுன் கடையில கெடச்ச பழைய ஏலக்காயப் போட்டனுங்க. வாசமே இல்ல. இந்த வருசம் கை மாறிப்போச்சாக்கான்னு ரெண்டு ஊட்டுல என்னைக் கேட்டுப்போட்டாங்க. கை மாறுலீங்க. கடை மாறிப்போச்சுங்க." போன் வைக்கப்பட்டது.

லயத்து அம்மாள் வாய் ஒட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார். "வாங்க மச்சான், சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனை நீட்டினார். "இதக் கொஞ்சம் நல்ல தமிழாக்கிக் குடுங்க. பத்து நிமிசத்து வேல."

படித்தேன். மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே என்று தொடங்கியது. இடுக்கி மாவட்டத்தில் பெய்த கனமழையாலும் மலைப்பாதையில் ஏற்பட்ட மண்சரிவாலும் தவிர்க்க முடியாத தாமதம் நேர்ந்ததாகச் சொன்னது. பொறுமைக்கும் புரிதலுக்கும் நன்றி சொன்னது. அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாக முடிந்தது. கீழே கைகூப்பிய படம் மூன்று.

"மண்சரிவு எங்க மாப்ள?"

"மழையில அங்கங்க சரியத்தான செய்யும்."

"நான் இன்னைக்குக் காலையில கம்பம்மெட்டு வழியாத்தான் வந்தேன். ரோட்டுல ஒரு கல்லு இல்ல. பஸ் அஞ்சு நிமிசம்கூட நிக்கல. குமளி ரோடு?"

அவர் தங்கையைப் பார்த்தார்.

"தெறந்துதான் இருந்துச்சு" என்றாள் தங்கை. "மிளகு, தேயிலை பார்சல் எல்லாம் தெனமும் அந்த ரோட்டுலதான போச்சு."

எனக்குக் கோபம் ஏறியது அங்கேதான். அந்த மாவட்டத்தில் மண்சரிவு என்றால் மனிதர்கள் புதைந்து போவது. அந்தச் சொல்லை நான் செய்தித் தலைப்பில் போட்ட நாட்களில், எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்க்காமல் பக்கத்தை அனுப்பியதில்லை. இங்கே ஒருவர் கால் கிலோ ஏலக்காய் பிந்தியதற்கு அதை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்.

"சரக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"காய் எடுப்பு தள்ளிப்போச்சு மச்சான். மழையில ஆளு காட்டுக்குள்ள எறங்க முடியல. நாலு நாளு ஒரு கூடை காய் வரல. காய் வந்தாத்தான ஸ்டோர்ல போடமுடியும்? அதுல தாமசிச்சுப்போச்சு."

"அது இந்த எடுப்பு. தீபாவளி ஆர்டர் எடுக்கும்போதே சரக்கு கையில இருந்துச்சுன்னு இவ சொன்னாளே."

மாப்பிள்ளை ஜீப் சாவியை விரலில் சுற்றினார். லயத்து அம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். யாரையும் பார்க்காமல், மிளகுக் கூடையைப் பார்த்துப் பேசினார்.

"நாலு மூட்டை இந்த மூலையிலதான் இருந்துச்சு. எட்டு மில்லிக் காயி. நாந்தான் சலிச்சுப் போட்டேன். போடி ஊரு வியாபாரி ஜீப்பு வந்து ஏத்திட்டுப் போச்சுல்லா, தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முன்ன. அன்னைக்கு அக்கா சொசைட்டிக்குப் போயிருந்தாவ."

தங்கை கணவரைப் பார்த்தாள்.

"வித்துட்டீகளா?"

"வெல ஏறிச்சு புள்ள. ஒரே வாரத்துல அப்படி ஏறி நான் பாத்ததில்ல. நாலஞ்சு நாள்ல அடுத்த எடுப்பு வந்துரும், அதுலருந்து இவங்களுக்குக் குடுத்துறலாம்னு..."

"அது நம்ம சரக்கு இல்ல. பணம் வாங்கியாச்சு. அவங்க சரக்கு." என்றாள் அவள். "எங்கிட்ட மூட்டையில ஈரம் ஏறிருச்சு, மறுபடி ஸ்டோர்ல காஞ்சுட்டிருக்குன்னு சொன்னீகளே. நான் ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னேன். பத்து நாளா, இந்த வாயால." கையிலிருந்த டேப் உருளையை மேசைமேல் போட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வியாபாரம்னா இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு பொரட்டித்தான் ஓட்டணும்" என்றார் மாப்பிள்ளை.

"பொரட்டுனது ஒங்க சாமானையா?" என்றார் லயத்து அம்மாள். வந்த நாளிலிருந்து முதலாளியிடம் அவர் அப்படிப் பேசியதில்லை என்று தங்கை பின்னால் சொன்னாள்.

நான் அந்த வரைவை எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக எழுதுகிறேன் என்றேன். நடந்தது என்ன, அதில் யார் தவறு, இனி எந்தத் தேதிக்கு என்ன செய்வோம் என்ற மூன்றும் அதில் இருக்கும், தள்ளுபடி இருக்காது என்றேன்.

"தள்ளுபடி குடுத்தா சந்தோசப்படுவாங்க மச்சான்."

"தள்ளுபடி வாங்கணும்னா இன்னொரு தடவை உங்ககிட்ட பணம் கட்டணும். ஏற்கனவே கட்டுனதுக்கே பொருள் வரல. இது மன்னிப்பு இல்ல, விளம்பரம்."

"சரி, அத எடுங்க. ஆனா வித்துட்டேன்னு எழுதாதீங்க. நானே என் கடைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆயிரும்."

"மாப்ள, வடகரப்பதிக்காரங்க கூரியர் வெப்சைட்டுல தேடிப் பாத்துட்டாங்க. அவங்களுக்கு மழை கதை தேவைப்படல. நீங்க இன்னொரு பொய் எழுதினா அதையும் தேடிப் பாப்பாங்க."

"எழுது அண்ணே" என்றாள் தங்கை. "எழுதலைன்னா இனிமே நான் போன் எடுக்க மாட்டேன். அவரே எடுக்கட்டும்."

தேதி இல்லாமல் எழுத முடியாது. 'விரைவில்' என்ற சொல்லை அந்த மக்கள் இரண்டு வாரமாகக் கேட்டுவிட்டார்கள். எனவே எழுதுவதற்கு முன் மாப்பிள்ளையின் ஜீப்பிலேயே ஸ்டோருக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர், மூன்று பேருடைய காய் முன்னால் காத்திருக்கிறது, இவர்களுடைய முறை புதன்கிழமை என்றார். புதன் காலை போட்டால் வியாழன் மதியத்துக்குள் காய்ந்து இறங்கும்.

"சுத்தமா காயுமா?"

"அவசரப்பட்டு எறக்குனா பாக்கெட்டுக்குள்ள பூசணம் பிடிக்கும் சாரே. நான் எறக்க மாட்டேன்" என்றார் அவர். அன்று நான் கேட்டவற்றில் நம்பக்கூடியதாக இருந்தது அந்த ஒரு பதில்தான்.

அன்று திங்கட்கிழமை. வியாழன் மாலை சலித்து எடை போட வேண்டும். வெள்ளி மூன்று மணி வண்டியில் ஏற்றலாம். வெள்ளி என்று எழுத முடிவு செய்தேன்.

திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். இதுதான் போனது:

"வணக்கம். தீபாவளிக்கு முன்பு எங்களிடம் ஏலக்காய் கேட்டுப் பணம் கட்டினீர்கள். அது உங்களுக்கு வரவில்லை. அனுப்பிவிட்டோம் என்று உங்களுக்கு வந்த செய்தி உண்மையல்ல. உங்கள் பார்சல் எங்கள் அறையிலிருந்து கிளம்பவே இல்லை.

உங்களுக்காக எடுத்து வைத்திருந்த ஏலக்காயை, விலை ஏறியபோது வேறு ஒருவருக்கு விற்றுவிட்டோம். அடுத்த காய் எடுப்பிலிருந்து உங்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தோம். மழையால் அந்த எடுப்பு தள்ளிப்போனது. மழை பெய்யாமல் இருந்திருந்தாலும் நாங்கள் செய்தது தவறுதான். போனில் கேட்டவர்களிடம் நாளை வரும் என்று சொன்னோம். அதுவும் தவறு. பண்டிகைக்கு உங்களுக்குப் பயன்படாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் 'பணம்' என்று பதில் எழுதுங்கள். இன்றே திருப்பி அனுப்புவோம். உங்கள் கணக்கில் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும். ஏலக்காய்தான் வேண்டுமென்றால் 'ஏலக்காய்' என்று எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூரியர் வண்டியில் ஏற்றுவோம். பதில் எழுதாதவர்களுக்குச் சனிக்கிழமை பணத்தைத் திருப்பிவிடுவோம்.

இனிமேல் பார்சல் கூரியர்காரர் கைக்குப் போன பிறகுதான் அனுப்பிவிட்டோம் என்ற செய்தி உங்களுக்கு வரும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை இந்த எண்ணில் பேசலாம். திட்ட வேண்டுமென்றாலும் பேசலாம்."

கடைசி வாக்கியம் தங்கை சேர்த்தது. நான் அடிக்கவில்லை.

மாப்பிள்ளை படித்தார். பதில் எழுதாதவர்களுக்கும் பணத்தைத் திருப்புவதா என்று அதில்தான் அவர் வெடித்தார். "பாதிப் பேரு பதிலே போட மாட்டாங்க. மறந்துருவாங்க. அவங்களுக்கு மெதுவா சரக்க அனுப்பிக்கலாம்ல?"

"அவங்க மறந்துருவாங்கன்னு நெனச்சுத்தான மூட்டைய வித்தீக?" என்றாள் தங்கை.

அவர் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

எழுதியதைவிட அனுப்புவது கடினமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு ஒரே தடவையில் அனுப்பினால், கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதல் முறை வாங்கியவர்கள் யாரும் சேமித்திருக்க மாட்டார்கள். குறுஞ்செய்தி அனுப்புவதானால் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். இவர்கள் பதிவு செய்து வைத்திருந்த வாசகங்கள் இரண்டு: 'உங்கள் ஆர்டர் கிடைத்தது', 'உங்கள் பொருள் அனுப்பப்பட்டது'. மன்னிப்புக்கு ஒரு வாசகம் தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. புதிதாகக் கேட்டால் அனுமதி வர நாளாகும். மின்னஞ்சல் எல்லோருக்கும் போட்டோம். அதில் எத்தனை குப்பைப் பெட்டியில் விழும் என்று தெரியாது. எனவே ஒவ்வொருவராக, பெயரும் ஆர்டர் எண்ணும் மேலே சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். நான் எண்களை வாசித்தேன். தங்கை அனுப்பினாள். லயத்து அம்மாள் அந்தந்தப் பெட்டியிலிருந்த பழைய சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அதற்கு முன் தங்கை ஒரு வேலை செய்தாள். போனில் கேட்டு அவள் பதில் சொன்னவர்களைத் தனியாகப் பிரித்தாள். "இவங்ககிட்ட நான் வாயால சொன்னேன். வாயாலதான் திருப்பிச் சொல்லணும்" என்றாள். வடகரப்பதி எண்ணைப் போட்டு, போனை ஜீப்புக்கு எடுத்துப்போய்க் கணவர் கையில் கொடுத்தாள்.

"இது நான் பேசறது இல்ல. நீங்க."

"நான் என்னத்தச் சொல்ல?"

"அண்ணன் எழுதினதச் சொல்லுங்க. ஒங்க வாயால."

போன் எடுக்கப்பட்டுவிட்டது. அவருக்கு வேறு வழி இல்லை. நான் ஜீப்பின் பக்கத்தில் நின்று கேட்டேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சக்குபள்ளத்தில் கடை வைத்திருப்பவர் பேசுகிறேன் என்றார். உங்க ஏலக்காய நான் வித்துட்டேன் என்றார். நடுவில் ஒரு முறை மழை என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அந்தப் பெண்மணியின் குரல் எனக்கும் கேட்டது.

"வித்துட்டீங்களாங்க. செரிங்க. நீங்க யாவாரி, விக்கறது உங்க தொழில். ஆனா அன்னிக்கே ஒரு போன் போட்டு இல்லைன்னு சொல்லியிருந்தா, நான் மறுநாளே வேற எங்கயாச்சும் நல்ல காயி வாங்கியிருப்பனல்லங்க? அனுப்பியாச்சுன்னு போட்டீங்க. அதுனால காத்துக்கிட்டிருந்தனுங்க. தெனமும் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தனுங்க. உங்க ஊட்டுக்காரம்மா குரலு நல்ல குரலுங்க, அதுனால நம்பினனுங்க. அந்தப் புள்ளைய எதுக்குங்க பொய் சொல்ல வச்சீங்க?"

மாப்பிள்ளை ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பணத்தத் திருப்பிப் போட்டுருங்க. ஏலக்காய் வேண்டாமுங்க" என்றார் அவர். போன் வைக்கப்பட்டது.

மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி போனது. மீதியை மறுநாள் முடித்தோம். பதில்கள் உடனே வரத் தொடங்கின. 'பணம்' என்று மட்டும் எழுதியவர்கள் நிறைய. ஒருவர் 'ஏலக்காய்' என்று எழுதி, 'உண்மையைச் சொன்னதற்காக' என்று கீழே சேர்த்திருந்தார். இன்னொருவர் எங்கள் செய்தியை அப்படியே படம் பிடித்துத் தன் குழுவில் போட்டு, திருட்டுக் கடை, வாக்குமூலம் பாருங்கள் என்று எழுதினார். அந்தப் படம் மாப்பிள்ளைக்கே நாலு பக்கமிருந்து திரும்பி வந்தது. "பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்டார். பார்த்தேன். அதில் தவறாக ஒரு வார்த்தையும் இல்லை என்றேன்.

திட்டுவதற்கென்றே கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். தங்கை ஒவ்வொருவரையும் முடிக்கும்வரை கேட்டாள். "ஆமாங்க, எங்க தப்புதான்" என்பதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. திட்டியவர்களில் சிலர் வைக்கும் முன் தங்களுக்கு ஏலக்காயே அனுப்பச் சொன்னார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

வியாழன் மாலை ஸ்டோரிலிருந்து காய் இறங்கியது. சலித்து, எடை போட்டு, பையில் அடைத்து, பெட்டியில் வைத்து மூடினார்கள். கரண்ட் போனால் சீட்டு அச்சிட முடியாதே என்று அன்றைக்குப் பேட்டரி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள் தங்கை. வெள்ளி மூன்று மணிக்கு வண்டி வந்தது. கூரியர்காரர் ஒவ்வொரு பார்சலையும் ஸ்கேன் செய்து வண்டிக்குள் போட்ட பிறகுதான் அந்த ஆர்டரைத் தங்கை கணினியில் மாற்றினாள். அதற்கு நேரம் பிடித்தது. கூரியர்காரர், "சேச்சி, எல்லாம் அப்பறம் பண்ணக்கூடாதா?" என்று கேட்டார். "கூடாது" என்றாள்.

சனிக்கிழமை, பதில் எழுதாதவர்களுக்கும் பணம் திருப்பப்பட்டது. நான் ஞாயிறு காலை கீழே இறங்கினேன். மாப்பிள்ளை பஸ் நிறுத்தம்வரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். "நீங்க எழுதினது என்னக் கொன்னுபோட்டுச்சு மச்சான்" என்றார். இறங்கிக் கதவைச் சாத்தினேன். சாத்தியதில் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

அடுத்த மாதங்களில் வடகரப்பதிப் பக்கத்திலிருந்து ஆர்டர் எதுவும் வரவில்லை. அந்தப் பெண்மணிக்குத் தங்கை வேறு செய்தி எதுவும் அனுப்பவில்லை. சலுகை, வாழ்த்து, நினைவூட்டல் எதுவும் கிடையாது. அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை ஏலக்காய் விற்பதை நிறுத்திவிடலாம் என்று இரண்டு முறை சொன்னார். தங்கை கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டை வந்ததும் பணம் கட்டியவர்களுக்கு உரியதைத் தனி டின்னில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது காலையில் எனக்குப் போன் செய்தாள். வடகரப்பதியிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னாள். பெயர் அவருடையதுதான். அளவு ஐம்பது கிராம். பார்சல் கைக்கு வந்த பிறகு பணம் தருவதாகக் குறித்திருந்தார்.